பில்லுக்குள் புகுந்த தலைமுடி

சீனாவில் எழுதிய ஓர் அலுவலகக் கையேட்டைத் தைவானில் அச்சிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சீனாவில் புழங்குவது எளிமையாக்கிய எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய எழுத்து. மூலத்தில் 整理发票 என்று நான்கு எழுத்துகள் இருக்கின்றன. 'பில்களை ஒழுங்குபடுத்து' என்று பொருள். மாற்றும் மென்பொருள் அதை 整理髮票 என்று துப்பலாம். தைவான் வாசகர் கண்ணுக்கு அதில் பில் தெரியாது, நட்டநடுவில் தலைமுடிதான் தெரியும்.

இந்த விபத்தின் வேர் 1956இல் இருக்கிறது. எழுத்தறிவைப் பரப்ப, கோடுகள் அதிகமுள்ள எழுத்துகளைக் குறைத்து எழுதும் திட்டத்தைச் சீன அரசு அந்த ஆண்டு அறிவித்தது. பெரும்பாலான மாற்றங்கள் ஒன்றுக்கு ஒன்று. குதிரையைக் குறிக்கும் 馬, 马 ஆனது. திரும்ப மாற்றினாலும் குதிரைதான் வரும். ஆனால் சில இடங்களில் ஒலி ஒத்துப்போகும் வெவ்வேறு எழுத்துகளை ஒன்றாக்கிவிட்டார்கள். 發 என்றால் அனுப்பு, வெளிப்படுத்து, வளர், 12 கோடுகள். 髮 என்றால் தலைமுடி, 15 கோடுகள். இரண்டும் 'ஃபா' என்ற ஒலிதான், குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. இரண்டையும் ஐந்தே கோட்டில் 发 என்று எழுதலாம் என்றாயிற்று. கையால் எழுதுகிறவருக்கு இது வரம்தான். படிப்பவருக்கும் தொல்லையில்லை: பக்கத்தில் 'தலை' என்ற எழுத்து இருந்தால் முடி என்று அவருக்கே புரிந்துவிடும்.

மென்பொருளுக்கு அப்படிப் புரியாது. OpenCC போன்ற மாற்றிகள் சொற்பட்டியலை நம்பி இயங்குகின்றன. தனி எழுத்தாக 发 வந்தால், அடிக்கடி வரும் 發 என்றே வைத்துக்கொள்ளும். முடி தொடர்பான கூட்டுச்சொற்கள் விதிவிலக்காகப் பட்டியலில் இருக்கும். 'முடிவெட்டு' என்பதற்கான 理发 அப்படி ஒன்று. வரியை இடமிருந்து வலமாகப் படித்து, பட்டியலில் பொருந்தும் மிக நீளமான சொல்லை முதலில் எடுத்துக்கொள்வது வழக்கமான முறை.

சீனத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. நம் வரியில் உண்மையான சொற்கள் இரண்டு: 整理 (ஒழுங்குபடுத்து), 发票 (பில்). பட்டியலில் 整理 இல்லையென்றால், மென்பொருள் 整 என்ற எழுத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அங்கே 理-யும் 发-யும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகா, முடிவெட்டு! 髮 வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்கு மருந்து, மாறவே மாறாத ஒரு சொல்லையும் பட்டியலில் சேர்ப்பது:

```
理发	理髮
整理	整理
```

இரண்டாவது வரி பார்க்க வேடிக்கையாக இருக்கும், எதையும் எதுவாகவும் மாற்றவில்லையே என்று. அதன் வேலை 理-யைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது மட்டுமே. பிறகு மிஞ்சும் 发, சரியான 發 ஆகும். ஆனால் 'நிர்வகி', 'கையாள்' என்று 理-யில் முடியும் சொற்கள் இன்னும் பல. ஒவ்வொன்றுக்கும் இதே காவல் வேண்டும்.

விதிவிலக்கே புதுப் பிழையைக் கொண்டுவருவதும் உண்டு. 'பின்னால்' என்ற 後, 'அரசி' என்ற 后-வோடு சேர்க்கப்பட்டது. 'பின்னால்' அதிகம் வருவதால் அதுவே இயல்பு. அரசமாதாவைக் குறிக்கும் 太后 போன்றவை விதிவிலக்கு. இப்போது 老太太后来 என்ற தொடரைப் பாருங்கள். 'அந்தப் பாட்டி பிற்பாடு' என்று பொருள். பாட்டியின் கடைசி எழுத்தும் 'பிற்பாடு' என்பதன் முதல் எழுத்தும் சேர்ந்தால் 太后. பட்டியல் சரியாக இல்லாவிட்டால் கிராமத்துப் பாட்டி அரசமாதாவாகிவிடுவார்.

பெயர்களில்தான் நிலைமை உண்மையிலேயே மோசம். எழுத்தாளர் சியென் ஜோங்ஷூ, குழந்தையாக இருந்தபோது எதை எடுக்கிறது என்று பார்க்கும் சடங்கில் புத்தகத்தை எடுத்தாராம். அதனால் 'புத்தகத்தில் மனம் வைத்தவர்' என்ற பொருளில் 鍾書 என்று பெயர். மனம் குவிப்பதைச் சொல்லும் 鍾, மணியைக் குறிக்கும் 鐘 இரண்டுமே 钟 ஆகிவிட்டன. திரும்ப மாற்றும்போது மென்பொருள் அவருக்கு மணியைக் கட்டிவிடக்கூடும். 2013இல் சீன அரசு வெளியிட்ட எழுத்துப் பட்டியலில், பெயர்களுக்காக மட்டும் 锺 என்ற தனி வடிவம் திரும்ப வந்தது. புகழ்பெற்றவர் என்பதால் அவர் முழுப் பெயரையே பட்டியலில் போட்டுவிடலாம். பெயரில் 钟 உள்ள ஒரு சாதாரண மனிதருக்கு? அவருடைய பெற்றோர் எதை நினைத்து வைத்தார்கள் என்பது அந்த எழுத்தில் இல்லை. சுற்றியுள்ள வாக்கியத்திலும் இருக்காது.

ஆகவே மாற்றிய பிரதியைச் சரிபார்க்கிறவர் முழுவதையும் ஒரே கவனத்தோடு படிப்பதைவிட, அரிதான எழுத்தைத் தேடிப்பிடிப்பது நல்லது. 髮 என்று தேடி, வந்த இடத்திலெல்லாம் முடி உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு 發 என்பதற்கு முன்னால் 'தலை', 'வெள்ளை' போன்ற எழுத்துகள் நிற்கும் இடங்களைத் தேட வேண்டும். தப்பிப்போன முடி அங்கேதான் கிடக்கும். ஆட்பெயர்களை மட்டும் தனியாக எழுதி எடுத்துக்கொண்டு, உரியவரிடமே கேட்டுவிட வேண்டும்.