திவாலாகும் முன்பே எழுதப்படும் நஷ்டம்

ஒரு நூற்பாலை 100 கோடி ரூபாய் கடன் வாங்கியிருக்கிறது. வட்டி சந்தையோடு ஏறி இறங்கும். ஏறிவிடுமோ என்ற பயத்தில் ஆலை ஒரு வங்கியோடு 5 ஆண்டுக்கு ஸ்வாப் போட்டுக்கொள்கிறது. ஆலை வங்கிக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் நிலையாகத் தரும், வங்கி ஆலைக்குச் சந்தை வட்டியைத் தரும். அசல் கைமாறுவதில்லை. வட்டி வித்தியாசம் மட்டுமே போய் வரும்.

நடுவில் ஆலை திவாலானால் வங்கிக்கு எவ்வளவு போகும்? 100 கோடி போகாது. அன்றைக்கு அந்த ஒப்பந்தம் எவ்வளவு பெறுமோ, அதுதான் போகும். சந்தை வட்டி 6 சதவீதமாக இறங்கியிருந்தால், 7 தருவதாகச் சொன்ன ஆலையின் வாக்கு வங்கிக்கு ஒரு சொத்து. வட்டி 8 ஆகியிருந்தால் வங்கிதான் கடன்பட்டிருக்கும், ஆலை திவாலானாலும் அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்த ஒருதலைப்பட்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஒன்றரை ஆண்டு கழித்து ஒப்பந்தம் வங்கிக்கு 3 கோடி லாபமாகவோ 3 கோடி நஷ்டமாகவோ இருக்கச் சமவாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சராசரி பூஜ்யம். ஆனால் ஆலை திவாலானால் லாபம் கை நழுவும், நஷ்டம் அப்படியே நிற்கும். எனவே நஷ்டப் பக்கத்தைப் பூஜ்யமாக வைத்துச் சராசரி எடுக்க வேண்டும், 1.5 கோடி வரும். இதற்கு ‘எதிர்பார்ப்பு வெளிப்பாடு’ என்று பெயர். நடைமுறையில் வங்கிகள் இரண்டு பாதைகளோடு நிற்பதில்லை, வட்டியின் ஆயிரக்கணக்கான பாதைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்து இந்தச் சராசரியை எடுக்கின்றன.

வட்டி ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதப் புள்ளி அசையும் என்று கொண்டால், நம் ஸ்வாப்பின் வெளிப்பாடு முதல் ஆண்டின் நடுவில் 110 லட்சம், அடுத்தடுத்த ஆண்டுகளில் 150, 140, 105, 40 லட்சம் என்று போகும். காலம் போகப் போக வட்டி தொலைதூரம் விலகியிருக்கலாம் என்பதால் முதலில் ஏறுகிறது. மிச்சமிருக்கும் தவணைகள் குறைவதால் பிறகு இறங்குகிறது.

அடுத்து, ஆலை திவாலாகும் வாய்ப்பு. இதைச் சந்தையிடமே கேட்கலாம். அதே தரமுள்ள நிறுவனங்களின் கடன் பத்திரம் அரசுப் பத்திரத்தைவிட 1.2 சதவீதம் கூடுதல் வட்டி தருகிறது, திவாலானால் 100-க்கு 40 தேறும், 60 போகும் என்றால், 1.2-ஐ 0.6-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 2 சதவீதம் வருகிறது. பத்திரம் சுலபமாக விற்காது என்பதற்கான கூடுதலும் அந்த 1.2-இல் கலந்திருக்கும். அதனால் இது தோராயம்தான்.

இனிப் பெருக்கல்தான். ஒவ்வோர் ஆண்டின் வெளிப்பாட்டையும் 7 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அந்த ஆண்டில் திவாலாகும் வாய்ப்பாலும், போகும் பங்கான 0.6-ஆலும் பெருக்கிக் கூட்டினால் ஏறக்குறைய ஐந்தரை லட்சம். இதுதான் கடன் மதிப்புச் சரிக்கட்டல், தொழிலில் இருப்பவர்கள் வாயில் ‘சிவிஏ’. இதை ஆலையிடம் வாங்கிக்கொள்ள வேண்டுமானால் 7 சதவீதத்தை 7.013 ஆக்கினால் போதும்.

தொகை சிறிதுதான், ஆனால் நிலைத்து நிற்காது. ஒப்பந்தம் போட்ட மறுவாரமே ஆலையைப் பற்றிக் கெட்ட செய்தி வந்து, அந்த 1.2 சதவீதம் 3.6 ஆனால் சிவிஏ 15 லட்சத்தைத் தாண்டும். ஆலை ஒரு தவணைகூடத் தவறவில்லை, வங்கியோ சுமார் 10 லட்சத்தை நஷ்டமாக எழுத வேண்டும். 2008 நெருக்கடியில் எதிர்த்தரப்பு அபாயத்தால் வந்த நஷ்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படி எழுதப்பட்டதுதான், உண்மையான திவால்களால் வந்தது மூன்றில் ஒரு பங்கே என்று பாசல் குழு பிறகு சொன்னது. பாசல் 3 விதிகளில் இதற்கெனத் தனி மூலதனம் கேட்கப்பட்டது அதனால்தான்.

எனக்கு இந்தக் கணக்கில் பயம் தருவது அந்தப் பெருக்கல் குறி. வெளிப்பாடும் திவாலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று அது சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. நூற்பாலைக்கு எப்போது கஷ்டம் வரும்? தொழில் மந்தமாகும்போது. ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். வட்டி குறைந்தால் வங்கியின் வெளிப்பாடு வீங்கும். ஆக, ஆலை விழும் நாளில் வங்கிக்கு வர வேண்டிய தொகை சராசரியைவிடப் பெரிதாக இருக்கும். இதைத் ‘தவறான திசை அபாயம்’ என்கிறார்கள். ஆலை விழுகிற பாதைகளை மட்டும் தனியே எடுத்துச் சராசரி பார்த்தால் இது தெரிந்துவிடும். அங்கே வெளிப்பாடு இரண்டு மடங்கு என்றால் உண்மையான சிவிஏ 11 லட்சம். ஐந்தரை லட்சம் வாங்கிக்கொண்ட வங்கி, பாதி விலைக்குத்தான் அந்த அபாயத்தை ஏற்றிருக்கிறது.