ஐயாயிரம் எப்போதும் ஐயாயிரம்தான்

அலுவலகத்தில் டீ, கூரியர், ஆட்டோ வாடகை போன்ற சில்லறைச் செலவுகளுக்கு ஒருவர் கையில் நிலையான தொகையைக் கொடுத்துவைப்பதே இம்ப்ரெஸ்ட் முறை. அந்தத் தொகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணம் வெளியே போகும்போதெல்லாம் பில்லோடு ஒரு வவுச்சர் உள்ளே வரவேண்டும். ஆகவே எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும் ரொக்கமும் வவுச்சர்களும் சேர்ந்து 5,000 ஆக வேண்டும்.

மாதக் கடைசியில் வவுச்சர்களின் கூட்டுத்தொகை 3,640 என்றால், அதே 3,640க்குத்தான் செக். “ரவுண்டா நாலாயிரமா கொடுத்துடுங்க சார்” என்பதற்கு இங்கே இடமில்லை. கொடுத்தால் அடுத்த மாதம் எதோடு ஒப்பிடுவது? செக் கொடுத்த கையோடு ஒவ்வொரு வவுச்சரிலும், பில்லிலும் ‘பணம் கொடுத்தாயிற்று’ என்று முத்திரை குத்த வேண்டும். இல்லையென்றால் அதே ஆட்டோ பில் அடுத்த மாதமும் தலைகாட்டும்.

பெட்டியில் 1,360 இருக்க வேண்டிய இடத்தில் 1,310 இருந்தால், 50 ரூபாய் குறைவு என்று அங்கேயே எழுதி, பெட்டிக்குப் பொறுப்பானவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அவர் கைப்பணம் போட்டு ஈடுகட்டலாம். அல்லது நிர்வாகம் அதைப் பற்றாக்குறைக் கணக்கில் எழுதலாம். பொய் வவுச்சரால் மட்டும் நிரப்பக்கூடாது.

சோதனையை முன்கூட்டிச் சொல்லாமல் செய்வதில்தான் பலன். சொல்லிவிட்டுப் போனால், ‘குமாருக்கு 500, திங்கள் தருவார்’ என்ற துண்டுச்சீட்டு காணாமல் போய் அந்த இடத்தில் கடன் வாங்கிய ரொக்கம் உட்கார்ந்திருக்கும். ஆனால் எண்ணிப் பார்ப்பது தொகையை மட்டுமே உறுதிசெய்யும். 60 ரூபாய் ஆட்டோவுக்கு 160 என்று எழுதிய வவுச்சரும் கணக்கில் கச்சிதமாகப் பொருந்தும். அதைப் பிடிக்க, செக்கில் கையெழுத்துப் போடுபவர் பில்களைப் படித்துப் பார்க்க வேண்டும்.