28 நாள் பேக், 30 நாள் கணக்கு

தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று அளந்து கொடுக்கும் பேக் வைத்திருப்பவர்களுக்கு டேட்டா தீர்ந்தால் இரவு பன்னிரண்டு மணி வரைதான் தவிப்பு. மாதத்துக்கு மொத்தமாக வாங்குபவர்கள் பாடு வேறு. போன் பேசுவதற்காகவே ரீசார்ஜ் செய்யும் பெரியவர்கள் பலரிடம் 28 நாளுக்கும் சேர்த்து 2 ஜிபி தரும் பேக்தான் இருக்கும். அது பத்தாம் நாளே காலியானால், மிச்ச நாளுக்கு டாப்-அப் போட வேண்டியதுதான்.

ஆண்ட்ராய்டு போனில் இதற்கென்றே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடும் இடத்தில் data warning என்று தட்டினால் போதும். எந்த கம்பெனி போன் என்றாலும் பெரும்பாலும் சரியான பக்கத்துக்கே போய்விடும். சாம்சங்கில் Connections, அதற்குள் Data usage, அதற்குள் Billing cycle and data warning. வேறு பல போன்களில் Network & internet பகுதியில் சிம்மைத் தொட்டால் Data warning & limit என்று இருக்கும். இரண்டு சிம் போட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் கணக்கு தனித்தனி. எந்த சிம்மில் நெட் ஓடுகிறதோ அதைப் பார்த்து வைக்க வேண்டும்.

அங்கே மூன்று விஷயங்கள் இருக்கும். கணக்கு எந்தத் தேதியில் தொடங்க வேண்டும், எத்தனை ஜிபி ஆனதும் எச்சரிக்க வேண்டும், எத்தனை ஜிபியில் நெட்டை நிறுத்த வேண்டும். எச்சரிக்கை என்பது வெறும் நோட்டிஃபிகேஷன்தான், நெட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். Set data limit அப்படியல்ல. நீங்கள் போட்ட அளவை எட்டியதும் மொபைல் டேட்டாவை போனே நிறுத்திவிடும். சாதாரண அழைப்புகள் வரும், போகும். வாட்ஸ்அப்பும் ஜிபேயும் நின்றுவிடும்.

பல போன்களில் எச்சரிக்கை அளவு வாங்கும்போதே 2 ஜிபி என்று இருக்கும். 2 ஜிபி பேக் போட்டவருக்கு அந்த எச்சரிக்கை, பேக் தீர்ந்த நேரத்தில் வந்து நிற்கும். யாருக்கு என்ன பயன்? 1.2 ஜிபியில் எச்சரிக்கை, 1.8 ஜிபியில் நிறுத்தம் என்று மாற்றிக்கொள்ளலாம். மிச்சம் வைக்கும் அந்த 0.2 ஜிபி வீணில்லை. போன் எண்ணும் கணக்கும் நெட்வொர்க் கம்பெனி எண்ணும் கணக்கும் ஒரே மாதிரி இருக்காது. நாம் ரீசார்ஜ் செய்த கணக்கு அவர்களுடையது. ஆகவே அவர்களுடைய ஆப்பில் காட்டும் மீதியையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அளவைவிட அதிகம் குழப்புவது தேதி. போன் மாதக் கணக்கு போடுகிறது, பேக்கோ 28 நாள். ஜூன் 5 அன்று ரீசார்ஜ் செய்து, போனிலும் 5 என்று தேதி வைத்தீர்கள் என்று கொள்வோம். பேக் ஜூலை 2 அன்று முடிகிறது. ஜூலை 3 அன்று அடுத்த ரீசார்ஜ். போன் ஜூலை 5 அன்றுதான் பழைய கணக்கை மூடும். அதற்கடுத்த ரீசார்ஜ் ஜூலை 31. போன் ஆகஸ்ட் 5 வரை காத்திருக்கும். புதிய பேக்கின் முதல் ஐந்து நாள் செலவு பழைய பேக்கின் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்த ஐந்து நாளில் நிறுத்தம் விழுந்தால், கையில் புது பேக் இருந்தும் நெட் வராது. ஆறாம் நாளிலிருந்து போன் பூஜ்யத்தில் தொடங்கும். தீர்ந்த டேட்டாவை இருப்பதாகக் காட்டும். அதனால் ஒவ்வொரு ரீசார்ஜின்போதும் இந்தத் தேதியையும் மாற்ற வேண்டும். அது தொல்லை என்றால் வேறு வழி உண்டு. ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றையாவது எல்லா கம்பெனிகளும் தர வேண்டும் என்று டிராய் 2022-இல் உத்தரவிட்டது. அந்த பேக்கைக் கேட்டுப் போட்டுக்கொண்டால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்.

சரி, டேட்டாவைத் தின்பது எது? ஒரு வீட்டைப் பார்ப்போம். வைஃபை இல்லை. பெரியம்மாவின் 2 ஜிபி பேக் ஒன்பதே நாளில் தீர்ந்துவிட்டது. “நான் யூடியூப் பக்கமே போறதில்லப்பா” என்கிறார் அவர். “ஏதோ ரெண்டு குட் மார்னிங் அனுப்புவேன், அவ்ளோதான்.” அவர் சொல்வது உண்மை. App data usage பக்கத்தைத் திறந்தால் ஆப்கள் செலவு வரிசையில் நிற்கின்றன. வாட்ஸ்அப் 1.02 ஜிபி, கூகுள் போட்டோஸ் 540 எம்பி, ப்ளே ஸ்டோர் 210 எம்பி, யூடியூப் 90 எம்பி, மற்றவை 60 எம்பி.

இந்த மொத்த எண்ணோடு நின்றுவிடக் கூடாது. ஆப்பின் பெயரைத் தொட்டால் Foreground, Background என்று இரண்டாகப் பிரித்துக் காட்டும். முதலாவது ஆப் திரையில் இருந்தபோது ஆன செலவு, இரண்டாவது திரையில் இல்லாதபோது ஆனது. பெரியம்மாவின் வாட்ஸ்அப்பில் முன்னது 130 எம்பி, பின்னது 890 எம்பி. குடும்பக் குழுவில் வரும் கல்யாண வீடியோ, கோயில் வீடியோ எல்லாம் அவர் திறக்காமலே இறங்கியிருக்கின்றன. கூகுள் போட்டோஸின் 540 எம்பியும் ஏறக்குறைய முழுவதும் பின்னால்தான். எடுத்த படங்களை மொபைல் டேட்டாவிலேயே மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. போனை செட் செய்து கொடுத்த பிள்ளை ஏதோ ஒரு நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

இதைப் பார்த்ததும் வாட்ஸ்அப்புக்கு Background data-வை அணைத்துவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஆப்பைத் திறக்கும்வரை செய்தியும் வராது, வாட்ஸ்அப் அழைப்பும் அடிக்காது. பேரன் கூப்பிட்டது மறுநாள்தான் தெரியும். மாற்ற வேண்டிய இடம் வாட்ஸ்அப்புக்கு உள்ளேயே இருக்கிறது. Settings, Storage and data, பிறகு When using mobile data. அங்கே வீடியோ, படம், ஆடியோ, டாக்குமென்ட் நான்கின் டிக்கையும் எடுத்துவிட வேண்டும். வேண்டிய வீடியோவைத் தொட்டால் மட்டும் இறங்கும். கூகுள் போட்டோஸில் Backup பகுதியில் மொபைல் டேட்டா பயன்பாட்டை நிறுத்த வேண்டும். ப்ளே ஸ்டோரில் Auto-update apps என்பதை வைஃபையில் மட்டும் என்று மாற்ற வேண்டும்.

பட்டியலில் ஹாட்ஸ்பாட் தனி வரியாகத் தெரிந்தால், அது பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்த நெட். அவர் எந்த ஆப்பில் செலவழித்தார் என்பது உங்கள் போனுக்குத் தெரியாது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் அங்கே ஆன செலவும் இங்கே ஏறாது.

ஐபோன்காரர்களுக்கு இதில் பாதிதான். Mobile Data பக்கத்தில் எந்த ஆப் எவ்வளவு என்று காட்டும், வேண்டாத ஆப்புக்கு அங்கேயே மொபைல் டேட்டாவை அணைக்கலாம். ஆனால் இத்தனை ஜிபியில் நிறுத்து என்று சொல்ல வழியில்லை. Current Period என்ற கணக்கும் மாதாமாதம் தானாக பூஜ்யமாகாது. ரீசார்ஜ் செய்த அன்று அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள Reset Statistics-ஐ நீங்களே தட்ட வேண்டும்.

பெரியவர்களின் போனில் நிறுத்தம் வைத்தால் அவர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல் வைத்தால், மருந்துக்கடையில் பணம் போகாமல் நிற்கும்போது போன் கெட்டுப்போனது என்றுதான் நினைப்பார்கள். சொல்லி வைக்க முடியாத இடத்தில் எச்சரிக்கை மட்டும் போதும்.