இருபத்து நான்கு கதிர்களின் சராசரி

1896-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சிரில் ஹாப்கின்ஸ் என்ற வேதியியலாளர் 163 மக்காச்சோளக் கதிர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். கதிரின் சில வரிசை மணிகளை மட்டும் உதிர்த்து ஆராய்ந்தாலே முழுக்கதிரின் சத்து தெரிந்துவிடும். மீதி மணிகளை விதைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ச் சத்து மிகுந்த 24 கதிர்களை அவர் தனியே பிரித்து, அடுத்த விதைப்புக்கு வைத்தார்.

எல்லாக் கதிர்களின் சராசரி எண்ணெய் சுமார் 4.7 சதவீதம். தேர்வான அந்த 24-இன் சராசரி மட்டும் எவ்வளவு இருக்கும்? இயல்நிலைப் பரவல் என்று பாடப்புத்தகம் சொல்லும் மணி வடிவக் கோட்டில் சத்து பரவியிருந்தால், ஒவ்வொரு கதிரையும் பார்க்காமலே விடை சொல்லலாம்.

முதலில் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும். சராசரியை 0 என்றும், ஒரு திட்டவிலக்கத்தை 1 என்றும் வைத்தால் எந்த அளவும் 'திட்ட இயல்நிலை மாறி' ஆகிவிடும். அதில் c என்ற இடத்தில் வெட்டி, வலப்பக்கம் மிஞ்சியவற்றின் சராசரியைக் கேட்கிறோம். விடை சுருக்கமானது: வெட்டிய இடத்தில் கோட்டின் உயரத்தை, வலப்பக்கப் பரப்பால் வகுத்தால் போதும்.

உயரம் எங்கிருந்து வந்தது? மணிக் கோட்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. z என்ற இடத்தில் அது இறங்கும் வேகம், z-ஐ அங்குள்ள உயரத்தால் பெருக்கியதற்குச் சமம். சராசரி காணக் கூட்டவேண்டியதும் அதே பெருக்கல்தான். ஆகவே c-யிலிருந்து வலப்புறமாகக் கூட்டிக்கொண்டே போவது, மலைச்சரிவில் நின்ற இடத்திலிருந்து அடிவாரம் வரை இறங்கிய மொத்த இறக்கத்தை அளப்பது போல. மொத்த இறக்கம், நின்ற இடத்தின் உயரமேதானே! அதை, தேறியவர்களின் பங்கான பரப்பால் வகுத்தால் சராசரி.

ஹாப்கின்ஸுக்கு வருவோம். 163-இல் 24 என்பது 14.7 சதவீதம். அவ்வளவு பரப்பு மிஞ்ச 1.05-இல் வெட்ட வேண்டும். அங்கே கோட்டின் உயரம் 0.230. அதை 0.147-ஆல் வகுத்தால் 1.56. திட்டவிலக்கம் 0.4 என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், வெட்டுப்புள்ளி 5.12 சதவீதம், தேர்வான கதிர்களின் சராசரி 5.32. இருப்பவை 163 கதிர்களே என்பதால் உண்மைக் கணக்கில் இது ஒரு மயிரிழை குறையும். இந்த 1.56-ஐத்தான் பயிர், கால்நடை வளர்ப்பாளர்கள் தேர்வுச் செறிவு என்கிறார்கள்.

இன்னும் கறாராக, நூற்றில் ஒன்றை மட்டும் எடுத்தால்? வடிகட்டல் பதினைந்து மடங்கு இறுகுகிறது, செறிவோ 2.67 மட்டுமே, இரு மடங்குகூட ஆகவில்லை. காரணம், கோட்டின் வால் சட்டென்று மெலிந்துபோகிறது. 1-ஐத் தாண்டியவர்களின் சராசரி 1.53, 3-ஐத் தாண்டியவர்களுடையது 3.28. தாண்டிய தூரம் 0.53-இலிருந்து 0.28 ஆகச் சுருங்கிவிட்டது. வாசல் உயர உயர, உள்ளே வந்தவர்கள் எல்லாரும் வாசற்படியை ஒட்டியே நிற்கிறார்கள்.

கணினியில் இதைப் போடுகிறவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வலப்பக்கப் பரப்பை '1-இலிருந்து இடப்பக்கத்தைக் கழித்து' எடுப்பது வழக்கம். c பத்து என்றால் இடப்பக்கம் 1 என்றே முழுமையாகிவிடும், கழித்தால் பூச்சியம், பூச்சியத்தால் வகுக்க முடியாது என்ற பிழைச்செய்தி வந்து நிற்கும். கோடு இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால், கழிக்காமல் -c-யின் இடப்பக்கத்தைக் கேட்டால் போதும். எக்செல்லில், A1 கட்டத்தில் c இருந்தால்:

```
=NORM.S.DIST(A1,FALSE)/NORM.S.DIST(-A1,TRUE)
```

10-க்கு விடை சுமார் 10.098. 10-க்கும் குறைவாக ஏதாவது வந்தால் அது நிச்சயம் தவறு. பத்தைத் தாண்டியவற்றின் சராசரி பத்துக்குக் கீழே வர வழியில்லை.

வேறு வகைப் பிழையை எக்செல் காட்டிக்கொடுக்காது. பரவலே மணி வடிவில் இல்லாவிட்டால் சூத்திரம் கூச்சமில்லாமல் தவறான எண்ணைத் தரும். பங்குச்சந்தை நட்டங்களின் வால் இதைவிடத் தடிமனானது. அங்கே எல்லையைத் தாண்டிய நட்டத்தின் சராசரி, சூத்திரம் சொல்வதைவிட மோசமாகவே இருக்கும். தேர்வானவற்றை நேராக அளந்து சூத்திரத்தோடு ஒப்பிட்டால், வால் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அந்த 1.56-உம் முழுதாக அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. கதிரின் எண்ணெயில் ஒரு பகுதி மண்ணும் மழையும் தந்தது. பரம்பரையாக இறங்கும் பங்கு மட்டுமே மகசூலில் நிற்கும். ஆனால் இல்லினாயில் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய சராசரியை மீண்டும் 0 ஆக வைத்து வெட்டிக்கொண்டே போனார்கள். நூறு தலைமுறைகளில் எண்ணெய் 20 சதவீதத்தைத் தாண்டியது. நாம் வைத்துக்கொண்ட 0.4-இன்படி, முதல் வயலின் சராசரியிலிருந்து அது 38 திட்டவிலக்கத்துக்கு அப்பால்.