மூலை வெட்டுப்படாத ஐகான்

ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பின் ஐகான் வட்டமாகத் தெரிய வேண்டுமா, மூலை மழுங்கிய சதுரமாகத் தெரிய வேண்டுமா என்பது ஆப்பை உருவாக்கியவர் கையில் இல்லை. முகப்புத் திரையை நடத்தும் லாஞ்சர்தான் அதை முடிவு செய்கிறது. கூகுளின் பிக்சல் வட்டமாக வெட்டும். சாம்சங் பக்கங்கள் லேசாகப் புடைத்த சதுரமாக வெட்டும். இதற்கு ஈடுகொடுக்கத்தான் 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 'அடாப்டிவ் ஐகான்' முறையைக் கொண்டுவந்தது. ஐகானைப் பின்னணி, முன்படம் என இரண்டு முழுச் சதுர அடுக்குகளாகக் கொடுத்துவிட வேண்டும். கத்தரிப்பது லாஞ்சரின் வேலை. இப்படிக் கொடுக்காத பழைய ஐகான்களைச் சில லாஞ்சர்கள் சுருக்கி, ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக் காட்டும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது.

ஒவ்வோர் அடுக்கும் 108 டிபி சதுரம். திரையின் பிக்சல் நெருக்கம் மாறினாலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும் அலகுதான் டிபி. இதில் கண்ணுக்குப் படுவது நடுவிலுள்ள 72 டிபி மட்டுமே. சுற்றிலும் உள்ள 18 டிபி, ஐகானை அசைத்துக் காட்டும் விளைவுகளுக்கான ஒதுக்கீடு. எந்த வடிவில் வெட்டினாலும் தப்பிக்கும் பகுதி இன்னும் சிறியது: நடுவில் 66 டிபி விட்டமுள்ள வட்டம்.

தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. ஒரு நூலக ஆப்புக்குச் சதுரமான புத்தகப் படத்தை 60 டிபி அகலத்தில் வரைந்ததாகக் கொள்வோம். 72-க்குள் 60 அடங்கும் என்றுதான் தோன்றும். ஆனால் சதுரத்தின் மூலை மையத்திலிருந்து சுமார் 42 டிபி தள்ளியிருக்கிறது; வட்ட வெட்டு 36-லேயே முடிந்துவிடுகிறது. சதுரமாக வெட்டும் போனில் முழுதாகத் தெரியும் புத்தகம் பிக்சலில் நான்கு மூலையும் இழந்து நிற்கும். அதையே 46 டிபிக்குக் குறைத்தால் மூலை 33-க்குள் வந்துவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் ஐகான் கருவி பல வடிவ வெட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுவதால், வெளியிடும் முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆப் திறக்கும்போது தோன்றும் ஸ்பிளாஷ் திரையிலும் இதே கணக்குதான். 2021-இன் ஆண்ட்ராய்டு 12 முதல், எல்லா ஆப்புக்கும் போனே அதைக் காட்டுகிறது. வேறு படம் தராவிட்டால் ஆப்பின் ஐகானையே எடுத்துக்கொள்ளும். தனிப் படம் தருவதானால் பின்னணி இல்லாத படத்துக்கு 288 டிபி சதுரம், அதற்குள் 192 டிபி வட்டம். விகிதம் அதே மூன்றில் இரண்டு. நீள்சதுரச் சின்னம் வைத்திருப்பவர்களுக்கு இது தொல்லைதான். பெயரைப் படத்துக்குள் திணிக்காமல், திரையின் அடியில் 200-க்கு 80 டிபி அளவில் உள்ள பிராண்டு இடத்தில் போடலாம்.

பழைய ஆப்களில் ஸ்பிளாஷுக்கென்று உருவாக்கியவரே ஒரு பக்கம் செய்திருப்பார். அதை நீக்காமல் விட்டால் ஆண்ட்ராய்டு 12-இல் முதலில் போனின் திரை, அடுத்து ஆப்பின் திரை என இரண்டு முறை சின்னம் தோன்றும். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு `androidx.core:core-splashscreen` நூலகத்தைச் சேர்த்தால், பழைய பதிப்புப் போன்களிலும் ஏறக்குறைய அதே திரை ஒருமுறை மட்டும் வரும்.