காலைப் பால் வீடு வரும் வழி: தினசரி அறிவிப்பில் உள்ள எண்கள் எதைச் சொல்கின்றன?

புதுடெல்லி: தலைநகர் டெல்லியிலும் அதையொட்டிய குருகிராம், நொய்டா பகுதிகளிலும் வீடு தேடிப் பால், தயிர் வழங்கும் சேவைகள், பால் எங்கிருந்து பெறப்பட்டது, சோதனையில் கிடைத்த அளவுகள் என்ன, எத்தனை மணிக்கு வீடு வந்து சேரும் என்ற விவரங்களை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது வழக்கமாகி வருகிறது. "கொழுப்பு 4.0, எஸ்என்எஃப் 8.5, வினியோகம் காலை 7 மணிக்குள்" என்பது போன்ற வரிகளைப் படிப்பவர்கள் பலர் என்றாலும், அவற்றில் எது கலப்படத்தைக் காட்டும், எது புத்துணர்வைக் காட்டும் என்பது பரவலாக அறியப்படவில்லை. இரண்டும் வெவ்வேறு விஷயங்கள்.

டெல்லிக்கு வரும் பாலில் கணிசமான பகுதி அண்டை மாநிலமான ஹரியானாவின் கிராமங்களில் கறக்கப்படுகிறது. தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ள கர்னால், டெல்லியிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அப்பகுதிக் கிராமம் ஒன்றில் மாலை 6 மணிக்குக் கறந்த பால், மறுநாள் காலை 6 மணிக்கு டெல்லியில் ஒரு வீட்டு வாசலை அடைவதாகக் கொள்வோம். இடைப்பட்ட 12 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே அந்த அறிவிப்பின் உண்மையான உள்ளடக்கம்.

முதலில் எண்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, பசும்பாலில் குறைந்தது 3.2 சதவீதம் கொழுப்பும், 8.3 சதவீதம் கொழுப்பு நீங்கலான திடப்பொருளும் இருக்க வேண்டும். புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவை அடங்கிய இந்தத் திடப்பொருளே எஸ்என்எஃப் எனப்படுகிறது. கொழுப்பு 4.0, எஸ்என்எஃப் 8.5 உள்ள 9 லிட்டர் பசும்பாலில் ஒரு லிட்டர் தண்ணீர் கலந்தால், கொழுப்பு 3.6 ஆகவும் எஸ்என்எஃப் 7.65 ஆகவும் குறையும். கொழுப்பு அப்போதும் விதியின் வரம்புக்கு மேலேயே இருக்கிறது. எஸ்என்எஃப் மட்டுமே தண்ணீரைக் காட்டிக் கொடுக்கிறது. ஆகவே, கொழுப்பின் அளவை மட்டும் பெருமையாக அறிவித்துவிட்டு மற்றதைச் சொல்லாத அறிவிப்பு பாதித் தகவலையே தருகிறது.

எஸ்என்எஃப் சரியாக இருப்பதும் முழுச் சான்று ஆகாது. தண்ணீர் கலந்த பாலில் சர்க்கரையோ பால் பவுடரோ சேர்த்தால் அந்த எண் மீண்டும் உயர்ந்துவிடும். சர்க்கரை, யூரியா, மாவுப்பொருள் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகள் செய்யப்படுவதற்கு இதுவே காரணம். ஹரியானாவில் பரவலாக வளர்க்கப்படும் முர்ரா இன எருமைகளின் பாலில் கொழுப்பு சுமார் 7 சதவீதம் இருக்கும். அதில் சிறிதளவு கலந்தாலும் நீர்த்த பசும்பாலின் கொழுப்பு உயர்ந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த எண்கள் எவையும் பால் எவ்வளவு புதியது என்பதைச் சொல்வதில்லை. மடியிலிருந்து வரும் பால் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். பாலில் இயற்கையாக உள்ள தற்காப்புத் தன்மை சில மணி நேரமே கிருமிகளைத் தடுக்கும். பின்னர் அவை வேகமாகப் பெருகும். எனவே, கிராமச் சேகரிப்பு நிலையத்தில் உள்ள குளிர்விப்புத் தொட்டிக்குப் பால் எப்போது வந்தது, எப்போது 4 டிகிரிக்குக் குறைந்தது என்பவையே முக்கியமான நேரங்கள். "மாலையில் கறந்தது" என்று மட்டும் கூறும் அறிவிப்பில் இவை இடம்பெறுவதில்லை.

டேங்கர் லாரி இரவு 12 மணியளவில் பால் பதப்படுத்தும் ஆலையை அடைந்ததும், பாலின் வெப்பநிலை, மணம், புளிப்பு ஆகியவை பரிசோதிக்கப்படுகின்றன. சிறிதளவு பாலைக் கொதிக்க வைத்துத் திரிகிறதா என்று பார்ப்பதும் உண்டு. சில நிமிடங்களில் முடியும் சோதனைகள் இவை. கிருமிகளின் அளவைத் தெளிவாகக் காட்டும் மெத்திலீன் நீலச் சோதனைக்கோ நேரம் பிடிக்கும். சாயம் கலந்த பாலை 37 டிகிரியில் வைத்து, நீல நிறம் மறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறார்கள். 5 மணி நேரத்துக்கு மேல் நிறம் நிலைத்தால் மிக நல்ல பால். அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் மோசமான பால். பால் நல்லதாக இருந்தால், முடிவு தெரியும் முன்பே அது வினியோகத்துக்குப் புறப்பட்டிருக்கும். ஆகவே இந்தச் சோதனை அன்றைய பாலைத் தடுப்பதற்குப் பயன்படுவதைவிட, எந்தக் கிராமத்தின் பால் தொடர்ந்து தரம் குறைகிறது என்பதைக் கண்டறியவே அதிகம் உதவுகிறது.

பதப்படுத்துதல் அதற்கு அடுத்த கட்டம். பால் 72 டிகிரியில் 15 விநாடிகள் சூடாக்கப்பட்டு உடனே குளிர்விக்கப்படுகிறது. சூடாக்குதல் போதுமான அளவு நடந்ததா என்பதை, பாஸ்படேஸ் என்ற நொதி அழிந்துவிட்டதா என்று பார்த்து உறுதி செய்கிறார்கள். சில பண்ணைகள் பதப்படுத்தாத பச்சைப் பாலையே வீடுகளுக்கு வழங்குகின்றன. புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் பச்சைப் பால் வழியாகப் பரவக்கூடும் என்பதால், "பச்சைப் பால்" என்ற சொல் அறிவிப்பில் இருந்தால் அதைக் காய்ச்சாமல் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

பைகளில் அடைக்கப்பட்ட பால் அதிகாலை மூன்றரை மணி வாக்கில் நகரின் வினியோக மையங்களை வந்தடைகிறது. முந்தைய இரவிலேயே முன்பதிவு நிறுத்தப்படுவது ஏன் என்பது இங்கே விளங்கும்: எந்த வாகனத்தில் எத்தனை பைகள் ஏற்ற வேண்டும் என்ற கணக்கு அதற்குள் முடிந்தாக வேண்டும். ஒரு வாகனம் 100 வீடுகளுக்குச் செல்கிறது, வீட்டுக்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது என்றால், நாலரை மணிக்குத் தொடங்கும் வினியோகம் 7 மணிக்கு முடியும். முதல் வீட்டுக்காரர் அதிர்ஷ்டசாலி என்று தோன்றலாம். அவர் 7 மணிக்குத்தான் கதவைத் திறக்கிறார் என்றால், அவரது பால் இரண்டரை மணி நேரம் வாசலில் தொங்கிய பையில் இருந்திருக்கிறது. குளிர்ப்பெட்டியிலிருந்து 7 மணிக்கு எடுத்துத் தரப்படும் கடைசி வீட்டின் பால் அதைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும். டெல்லியின் ஜூன் மாத விடியல் குளிர்ச்சியானதன்று. எனவே வினியோக நேரத்தைத் தாம் எழும் நேரத்துக்கு அருகில் கேட்டுப் பெறுவதே மேல்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் நிலைமை வேறு. கர்னால் நெடுஞ்சாலையில் அடர்ந்த மூடுபனி சூழும் இரவுகளில் டேங்கர்கள் ஊர்ந்தே வருகின்றன, வினியோகமும் தாமதமாகிறது. ஆயினும் குளிர்காலத்தில் ஒரு மணி நேரத் தாமதம் பாலை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

பை கையில் கிடைத்ததும் அதை ஒரு சமையலறை வெப்பமானியைச் சுற்றி மடித்து ஓரிரு நிமிடங்கள் பிடித்தால், பாலின் வெப்பநிலை ஏறத்தாழத் தெரிந்துவிடும். பையில் அச்சிடப்பட்டுள்ள சேமிப்பு வெப்பநிலையைவிட அது நாள்தோறும் மிக அதிகமாக இருந்தால், அளவையும் நேரத்தையும் குறித்து வைத்து வினியோகச் சேவையிடம் விளக்கம் கேட்கலாம்.

தயிரின் கணக்கு தனி. தயிருக்கான பாலை 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி, சுமார் 42 டிகிரிக்கு ஆறவைத்து, உறை ஊற்றிக் கோப்பைகளில் நிரப்புகிறார்கள். அது உறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். பின்னர் நன்கு குளிர்விக்க மேலும் பல மணி நேரம் தேவை. இரவு 12 மணிக்கு ஆலைக்கு வந்த பால் காலை 6 மணிக்குத் தயிராக வாசலில் இருக்க முடியாது. "நேற்று மாலைப் பாலில் செய்த தயிர்" என்ற வரி காலை வினியோக அறிவிப்பில் வந்தால், அந்தக் கணக்கு பொருந்தவில்லை என்றே கொள்ள வேண்டும். ஒரு நாள் முந்தைய பாலில் செய்தது என்பதும் குறையன்று. தயிரின் மேல் தெளிந்த நீர் நின்றால், அது வாகனக் குலுக்கலாலும் நேரலாம். அதனுடன் கடும் புளிப்பும் சேர்ந்திருந்தால், கோப்பை வழியில் எங்கோ சூடாகியிருக்கிறது.