பொம்மைக்கு முன்னால் இடுப்பைப் பாருங்கள்

வீல்சேரில் உட்காரும் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. பெருமூளை வாதத்தால் கைகால் தசைகள் இறுகியிருக்கின்றன. எதிரே மேஜையில் வாலாட்டும் நாய்க்குட்டி பொம்மை. அதைத் தொட ஆசைப்பட்டுக் கையை நீட்டுகிறாள். நீட்டும்போதே முதுகு விறைக்கிறது, இடுப்பு முன்னால் வழுக்குகிறது, கை எங்கோ போகிறது. “இவளுக்கு விளையாட வராது” என்று பொம்மையைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அவசரப்பட்ட முடிவு இது. பொம்மையை மாற்றுவதற்கு முன் அவள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இடுப்பு இருக்கையின் பின்பக்கம்வரை போய் ஒட்டி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் முதுகு கூன் விழும், தலை பின்னால் சாயும், கண் பொம்மையை விட்டுக் கூரைக்குப் போகும். பெல்ட்டை வயிற்றுக்குக் குறுக்கே கட்டினால் வழுக்குவது நிற்காது. தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில், பின்னாலும் கீழுமாக இழுக்கும்படி கட்ட வேண்டும். பாதம் தொங்கக் கூடாது. மிதிபலகைக்கு எட்டாவிட்டால் கீழே ஒரு கட்டையை அசையாமல் பொருத்துங்கள். முழங்கை தளர்ந்து மடங்கி இருக்கும் உயரத்தில் விளையாட்டுத் தட்டு இருந்தால் தோள்பட்டைக்கு வேலை குறையும். உடம்பைத் தாங்கிப் பிடிக்கவே பாடுபடும் குழந்தைக்கு விரலைக் கவனிக்க மிச்சம் எதுவும் இருக்காது.

அடுத்தது, பொம்மையை எங்கே வைப்பது. கைக்குழந்தையின் தலை வலப்புறம் திரும்பினால் வலக்கை தானாக நீளும், இடக்கை மடங்கும். வழக்கமாக ஆறு மாத வாக்கில் மறைந்துவிடும் இந்த அனிச்சைச் செயல், பெருமூளை வாதம் உள்ள பல குழந்தைகளிடம் தங்கிவிடுகிறது. பொம்மையை ஓரத்தில் வைத்தால் தலை திரும்பும். உடனே ஒரு கை விறைத்து நீண்டுவிடும், இரண்டு கையும் நடுவில் சேராது. அதனால் பொம்மை நேர் எதிரே, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

இனி பொம்மை. பேட்டரியில் ஓடும் பொம்மையின் சின்ன பட்டனை இவளால் அழுத்த முடியாது. அதற்குப் பதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டனை வெளியே கொண்டுவரலாம். இரு பக்கமும் செம்புப் பூச்சுள்ள மெல்லிய பலகையில் சின்னத் துண்டு வெட்டி, பக்கத்துக்கு ஒரு ஒயரைப் பற்றவைக்க வேண்டும். பேட்டரிக்கும் அதைத் தொடும் தகட்டுக்கும் நடுவே அதைச் செருகினால் மின்சாரம் தடைபடும். ஒயர்களின் மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் மோனோ சாக்கெட். அதில் பெரிய பட்டனின் பின்னைச் செருகினால், அவள் அழுத்தும்போது மட்டும் நாய்க்குட்டி வாலாட்டும். மின்னணு உதிரிக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவர் எளிதில் செய்துகொடுப்பார். பேட்டரி பொம்மையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும் எதையும் இப்படி மாற்றக் கூடாது.

எல்லா பொம்மைக்கும் இது சரிவராது. கடையிலேயே சோதிக்கலாம். சுவிட்சைப் போட்டு ஓடவிட்டு, பேட்டரியைக் கழற்றி மறுபடி போடுங்கள். தானாக ஓடத் தொடங்கினால் உதவும். மீண்டும் பட்டனை அழுத்தச் சொல்லும் பொம்மை உதவாது. திடீரென அலறும் பொம்மையும் வேண்டாம். சத்தத்துக்குத் திடுக்கிட்டு உடம்பு முழுக்க விறைத்துவிடும்.

பெரிய பட்டனை வைக்கும் இடம் கையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எந்த அசைவு அவளுக்கு எளிதாகவும் திரும்பத் திரும்பவும் வருகிறதோ, அது தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பதானாலும் முழங்காலை அசைப்பதானாலும், அங்கேதான் பட்டன். வைத்த பிறகு பேசாமல் காத்திருங்கள். மூளையின் கட்டளை தசைக்குப் போய்ச் செயலாக நேரம் பிடிக்கும். மனசுக்குள் பத்து, பதினைந்து எண்ணலாம். நடுவில் நாம் கையைப் பிடித்து அழுத்தினால், பொம்மையை ஆட்டியது தான்தான் என்பது அவளுக்குத் தெரியாமலே போகும்.

நாள் முழுக்க வீல்சேரிலேயே இருக்கவும் கூடாது. பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பாருங்கள்: தலைக்குத் தலையணை, முதுகுக்குப் பின்னால் சுருட்டிய போர்வை, முழங்கால்களுக்கு நடுவே இன்னொரு தலையணை. மல்லாந்து படுத்தால் கைகள் பின்னுக்குச் சாயும்; ஒருக்களித்தால் தம் எடையாலேயே முன்னால் வந்து, மார்புக்கு எதிரே சேரும். சாப்பிட்டவுடன் வேண்டாம். முகம் சுளித்தாலோ, முஷ்டி இறுகினாலோ, கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொண்டாலோ, நிலையை மாற்றுங்கள்.

இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலோ முதுகெலும்பு வளைந்திருந்தாலோ எந்தப் பக்கம் படுக்கலாம் என்பதை இயன்முறை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பகால இடையீட்டு மையத்தில் கேளுங்கள். போகும்போது வீல்சேரையும் கொண்டுபோங்கள். குழந்தை வளர வளர இருக்கையின் ஆழத்தையும் மிதிபலகையின் உயரத்தையும் திரும்ப அளந்து சரிசெய்தாக வேண்டும்.